மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளும் இரண்டு வம்சக் கோடுகளும்

வணக்கம். தந்தைவழி, தாய்வழி மரபணுச் சோதனைகள் எதைக் கண்டுபிடிக்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பதை ஒருசேரக் காட்டும் வழக்கு ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. 1485ஆம் ஆண்டு பாஸ்வர்த் போர்க்களத்தில் கொல்லப்பட்ட மன்னர் மூன்றாம் ரிச்சர்ட், லெஸ்டர் நகரத்துத் துறவியர் மடத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் அந்த மடம் இடிக்கப்பட்டு, அந்த இடமே மறந்துபோனது. 2012இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகழ்வாய்வில், ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில், முதுகெலும்பு வளைந்த ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. அது மன்னருடையதுதானா என்ற கேள்விக்கு டூரி கிங் தலைமையிலான குழு 2014இல் வெளியிட்ட விடையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் தாய்வழி. நம் செல்லின் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சிறிய வட்ட டி.என்.ஏ. இருக்கிறது; அதன் நீளம் 16,569 எழுத்துகள்தான். இது கருமுட்டை வழியாக வருவதால் மகனுக்கும் மகளுக்கும் தாயிடமிருந்தே கிடைக்கிறது. ஆனால் மகள் மட்டுமே அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும். தந்தையின் டி.என்.ஏ.வோடு இது கலப்பதில்லை. ஆகவே நகலெடுக்கும்போது எப்போதாவது நேரும் ஓர் எழுத்து மாற்றத்தைத் தவிர, பாட்டியின் பாட்டிக்கு இருந்தது அப்படியே பேத்தியின் பேத்திக்கும் வந்து சேர்கிறது.

ரிச்சர்டின் வாரிசுகள் யாரும் நிலைக்கவில்லை. ஆனாலும் அவருக்கும் அவருடைய அக்கா ஆனுக்கும் தாய் ஒருவரே என்பதால், இருவருக்கும் ஒரே மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. இருந்தாக வேண்டும். ஆனிலிருந்து மகள், அவளுடைய மகள் என்று பெண்வழியாகவே ஆவணங்களைத் தொடர்ந்து வந்தபோது, இன்று வாழும் இரண்டு உறவினர்கள் கிடைத்தார்கள். ஒருவருடைய வரிசை எலும்புக்கூட்டின் வரிசையோடு முழுமையாகப் பொருந்தியது. மற்றவருடையதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஐந்து நூற்றாண்டுகளில் அத்தனை மாற்றம் எதிர்பார்க்கத்தக்கதே. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பொருத்தம் மட்டும் போதாது, அந்த வரிசை அரிதானதாகவும் இருக்க வேண்டும். பரவலாகக் காணப்படும் வரிசையாக இருந்தால், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த அந்நியர்கூட உறவினரைப் போலப் பொருந்திவிடுவார். ரிச்சர்டின் ஜே1சி2சி என்ற கிளை ஐரோப்பாவில் மிக அரிதானது என்பதால்தான் இந்தப் பொருத்தத்துக்கு எடை கிடைத்தது.

இனித் தந்தைவழி. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. அதன் இரு முனைகள் எக்ஸ் குரோமோசோமோடு பகுதிகளை மாற்றிக்கொண்டாலும், நடுவில் இருக்கும் பெரும்பகுதி எதனோடும் கலக்காமல் இறங்குகிறது. சோதனைக்கூடத்தில் இரண்டு வகை அடையாளங்களைப் பார்க்கிறார்கள். மிக அரிதாக நடக்கும் ஓர் எழுத்து மாற்றம் பழைய கிளைகளைப் பிரித்துக் காட்டும். திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளின் எண்ணிக்கையோ சற்று வேகமாக மாறுவதால், அண்மைக்கால உறவைக் கணிக்க உதவும். பழைய கிளையே வேறாக இருந்துவிட்டால், ஆவணம் எதைச் சொன்னாலும், அண்மைக்காலத்தில் ஒரே தந்தைவழி இருந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படித்தான் ஆனது. ரிச்சர்டுக்கும் போஃபோர்ட் கோமகன்களின் குடும்பத்துக்கும் பொது மூதாதை மன்னர் மூன்றாம் எட்வர்டு என்று வம்சாவளி சொல்கிறது. ஐந்தாம் கோமகனின் ஆண்வழியில் வந்த ஐந்து பேரைச் சோதித்தார்கள். நால்வர் ஒரே கிளையைச் சேர்ந்தவர்கள். ஐந்தாமவர் முற்றிலும் வேறு கிளை, அதாவது அண்மைத் தலைமுறைகளிலேயே ஓரிடத்தில் கோடு அறுந்திருக்கிறது. ரிச்சர்டோ இந்த இரண்டு கிளைகளிலும் இல்லை. அவரிடமிருந்து எட்வர்டுக்கு ஏறி, அங்கிருந்து ஐந்தாம் கோமகனுக்கு இறங்கும் வழியில் 19 தந்தை-மகன் இணைப்புகள் உள்ளன. ஒவ்வோர் இணைப்பிலும் ஏட்டில் உள்ள தந்தை உண்மைத் தந்தையாக இல்லாமலிருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்று கொண்டால்கூட, 19 இணைப்புகளில் எங்காவது ஒன்று அறுந்திருக்க நூற்றில் ஏறத்தாழ 17 வாய்ப்பு உண்டு. எந்த இணைப்பு என்பதை இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. ஆகவே இதைக் கொண்டு ஆங்கில மன்னர்களின் அரியணை உரிமையைக் கேள்விக்குள்ளாக்குவது, சான்று அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிய பேச்சு.

இப்போது திரையில் நான் வரைந்து வைத்திருக்கும் மூதாதையர் விசிறியைப் பாருங்கள். கீழே ஒருவர், மேலே பெற்றோர் இருவர், அதற்கு மேல் நால்வர், எட்டுப் பேர் என்று ஒவ்வொரு தலைமுறையும் இரட்டிக்கிறது. பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள். அவற்றில் இடது ஓரத்து இடத்தைத் தந்தைவழிச் சோதனை தொடுகிறது. வலது ஓரத்து இடத்தைத் தாய்வழிச் சோதனை தொடுகிறது. நடுவிலுள்ள 1,022 இடங்களைப் பற்றி இரண்டும் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. ரிச்சர்டோடு முழுமையாகப் பொருந்தியவருக்கு ஆன் 17 தலைமுறைக்கு முந்தைய மூதாட்டி. அந்தத் தலைமுறையில் அவருக்கு 1,31,072 இடங்கள் உண்டு, ஆன் அவற்றில் ஒன்று. மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டி ஒட்டப்பட்டுப் பாதியாவதால், மைட்டோகாண்ட்ரியாவைத் தவிர ஆனிடமிருந்து அவருக்கு எதுவுமே வந்திராமலிருக்கவும் பெரிதும் வாய்ப்புண்டு. நம் குடும்பங்களில் அத்தை மகள், மாமன் மகள் திருமணங்களால் ஒருவரே பல இடங்களில் அமர்வார், ஆகவே ஆட்களின் எண்ணிக்கை குறையும். ஆனாலும் இரண்டு கோடுகள் இரண்டாகவே இருக்கும்.

உசிலம்பட்டி அருகே ஒரு சிற்றூர்க்காரரிடம் எம்130 என்ற பழமையான ஒய் அடையாளத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்டறிந்ததும், 'முதல் இந்தியர்' என்ற பட்டம் பரவியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கண்டுபிடிப்பு மதிப்புமிக்கது, ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஒரு பழைய தந்தைவழி இங்கே இன்றும் தொடர்கிறது என்பதை அது காட்டியது. ஆனால் அது அவருடைய அப்பாவின் அப்பாவின் அப்பா என்று போகும் ஒரே கோட்டின் கதை. அவருடைய அம்மாவின் அப்பாவுக்கு முற்றிலும் வேறொரு ஒய் இருந்திருக்கலாம். ஒரு கோட்டின் பழமையை ஒரு மனிதர் முழுமைக்கும், அதிலும் ஒரு சாதி முழுமைக்கும் ஏற்றிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்கு நடுவிலுள்ள கோடுகளும் வேண்டுமென்றால், யாரைச் சோதிப்பது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் தந்தைவழி உங்களிடம் இல்லை, தாய்மாமனிடம் இருக்கிறது. அப்பாவைப் பெற்ற பாட்டியின் தாய்வழி அப்பாவிடமும் அத்தையிடமும் இருக்கிறது; அத்தையின் பிள்ளைகளிடமும் இருக்கிறது, ஆனால் சித்தப்பாவின் பிள்ளைகளிடம் இல்லை. அப்பாவைப் பெற்ற தாத்தாவுடைய தாயின் கோட்டைப் பிடிக்க, தாத்தாவோடு பிறந்த அக்கா தங்கைகளின் பிள்ளைகளைத் தேட வேண்டும். ஆண்வழி உறவினர் எவரும் இல்லாமல், மகள்களை மட்டும் பெற்றுக் காலமான ஒரு தாத்தாவின் ஒய் கோடு உயிரோடிருக்கும் எவரிடமும் கிடைக்காது. அவரைப் பற்றி அறிய, எல்லா மூதாதையரிடமிருந்தும் கலந்து வரும் மற்ற 22 இணை குரோமோசோம்களின் சோதனைக்குத்தான் போக வேண்டும்.