ஐந்து சொல்லா, இருபது சொல்லா? சிங்களச் சொற்களை மீட்டும் நாட்கணக்கு

[காட்சி: மேசையில் வெற்று மட்டைகள், ஒரு பேனா, சுவரில் நாட்காட்டி]

குரல்: கிளிநொச்சியில், முல்லைத்தீவில், வவுனியாவில் அரச அலுவலகங்களில் வேலை செய்யும் பலர் சிங்களம் படிக்கிறார்கள். இரண்டாம் மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்காகப் படிப்பவர்கள்தான் அதிகம். அவர்களில் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். சோம்பலைக் குறை சொல்வதற்கு முன் நாட்கணக்கைப் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கிறது.

[காட்சி: செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லச் சாயும் ஒரு கோடு]

குரல்: ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்று அவர் கண்டார். மறக்கப்போகும் நேரத்தில் ஒரு சொல்லை முயன்று நினைவுக்குக் கொண்டுவந்தால், அடுத்த மறதி தள்ளிப்போகும். ஆகவே மீட்டல்களுக்கு இடையிலான இடைவெளி ஒவ்வொரு முறையும் நீளலாம்.

இந்த வீடியோவில் ஓர் எளிய வரிசையை எடுத்துக்கொள்வோம்: 1, 3, 7, 16, 35. ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இன்று படித்த சொல்லை நாளை மீட்டுகிறீர்கள். அதிலிருந்து 3 நாள் கழித்து மறுபடியும், பிறகு 7, 16, 35 நாட்கள் கழித்து. படித்த நாளிலிருந்து எண்ணினால் 1, 4, 11, 27, 62ஆம் நாட்களில் அந்தச் சொல் உங்களிடம் வரும். மறந்துவிட்டால், மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

[காட்சி: மட்டையின் ஒரு பக்கம் "நெல்", மறுபக்கம் "வீ". கை மட்டையைத் திருப்புவதற்குள் வாய் பதிலைச் சொல்கிறது]

குரல்: மட்டையில் தமிழைப் பார்த்ததும் சிங்களச் சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகே திருப்புங்கள். பதிலைப் பார்த்துவிட்டு "இது எனக்குத் தெரியும்" என்று தலையசைப்பது மீட்டல் ஆகாது.

இனி முக்கியமான கணக்குக்கு வருகிறேன்.

[காட்சி: நாட்காட்டியில் 1, 4, 11, 27, 62 ஆகிய நாட்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன]

குரல்: பரந்தனில் இருந்து தினமும் பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போகும் ஓர் உத்தியோகத்தரை நினைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 புதுச் சொற்கள் என்று அவர் தொடங்குகிறார். முதல் சில நாட்கள் மீட்ட வேண்டியவை வெறும் 5. நான்காம் நாளில் 10 ஆகிறது. பதினோராம் நாளில் 15, இருபத்தேழாம் நாளில் 20. அறுபத்திரண்டாம் நாளில் 25 ஆகி, ஐந்து மீட்டலும் முடிந்த சொற்கள் வெளியேறுவதால் அங்கேயே நிற்கிறது. பத்துக்கு ஒன்று மறக்கிறது என்று வைத்தால், மறந்தவை திரும்பி வருவதால் 25 நாளடைவில் 35 ஆகும். ஒரு மட்டைக்குக் கால் நிமிடம் என்றால் ஒன்பது நிமிடம். பஸ்ஸிலேயே முடிந்துவிடும்.

இப்போது 5க்குப் பதிலாக 20 சொற்கள் என்று வையுங்கள். முதல் மூன்று நாட்கள் 20 மட்டைகளை ஐந்து நிமிடத்தில் மீட்டி முடித்து, "இவ்வளவுதானா" என்று எண்ணத் தோன்றும். இரண்டு மாதத்துக்குப் பிறகு அதுவே மறதியையும் சேர்த்து நாளடைவில் நாளுக்கு 140 மட்டைகள், 35 நிமிடம் ஆகிவிடும். அதற்கு மேல் 20 புதுச் சொற்களையும் படிக்க வேண்டும். பலர் நடுவில் நிறுத்துவது இந்த இடத்தில்தான். முதல் வாரத்துச் சுலபத்தை வைத்துப் புதுச் சொற்களின் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் மாதம் உங்களால் எத்தனை மட்டைகளைத் தாங்க முடியும் என்று கேட்டு, அதை ஏழால் வகுத்துக்கொள்ளுங்கள். 35ஐத் தாங்குவீர்கள் என்றால், புதியவை 5.

இந்த மட்டைகளைத் தொலைபேசியில் காட்டும் Anki என்ற செயலியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் New cards/day என்ற இடத்தில் ஏற்கனவே 20 என்று இருக்கும். முதல் நாளே அதை 5 ஆக மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு தொலைபேசியில் இந்தச் செயலி இலவசம். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் என்பது நம் பக்கத்துக்கு நல்ல வசதி. நினைவூட்டல் அலாரம் நாளுக்கு ஒன்று போதும், பஸ் ஏறும் நேரத்துக்கு வையுங்கள். எந்தச் சொல் எந்த நாள் என்பதைச் செயலியோ, மட்டைகளைப் படிவாரியாகப் பிரித்து வைத்த பெட்டியோ பார்த்துக்கொள்ளும்.

[காட்சி: அறுவடை இயந்திரம். வீதியோரத்தில் காயும் நெல்]

குரல்: மாசியில் பெரும்போக அறுவடை வருகிறது. வீட்டில் வயல் இருந்தால், பத்து நாட்களுக்கு மட்டைகளைத் தொட முடியாமல் போகலாம். திரும்பி வரும்போது என்ன குவிந்திருக்கும்? நாளுக்கு 25, பத்து நாளுக்கு 250 என்று பயந்துதான் பலர் திறந்து பார்ப்பதே இல்லை. உண்மையில் அவ்வளவு இல்லை. மீட்டப்படாத சொல் அடுத்த படிக்கு நகராது, எத்தனை நாள் போனாலும் ஒரு மட்டையாகவே காத்திருக்கும். எனவே 1 நாள் படியில் 5, 3 நாள் படியில் 15, 7 நாள் படியில் 35 மட்டைகள் மட்டுமே இருக்கும். 16 நாள், 35 நாள் படிகளில் நாளுக்கு ஐந்தாகப் பத்து நாளில் 50, 50. மறந்தவற்றைச் சேர்க்காமல் மொத்தம் 155.

இதை இப்படித் தீர்க்கலாம். புதுச் சொற்களை உடனே நிறுத்துங்கள். நாளுக்கு 40 மட்டைகள் எடுங்கள். அன்றன்று வருபவை 10, குவிந்தவற்றில் 30. எவற்றை முதலில் எடுப்பது என்பதில் என் பரிந்துரை, நீண்ட இடைவெளிப் படிகள்தான். 35 நாள் சொல்லுக்குப் பத்து நாள் தாமதம் பெரிதல்ல. பெரும்பாலும் இன்னும் நினைவில் இருக்கும், ஆனால் மேலும் தள்ளினால் நழுவிவிடும். 1 நாள், 3 நாள் படியில் இருந்த 20 சொற்களோ அநேகமாக ஏற்கனவே போயிருக்கும். அவற்றை அவசரமாகத் துரத்திப் பயனில்லை. அவற்றை ஒதுக்கி வைத்தால், மீதி 135 ஐந்து நாளில் முடியும். பிறகு அந்த 20ஐயும் புதியவைபோல நாளுக்கு ஐந்தாகப் படியுங்கள்.

இன்னொன்று. 16 நாள் சொல்லை 26ஆம் நாளில் சரியாகச் சொல்லிவிட்டால், அது உண்மையில் 26 நாள் தாங்கியிருக்கிறது. அடுத்த இடைவெளியை 26இலிருந்து கணக்கிடுங்கள், 16இலிருந்து வேண்டாம்.

[காட்சி: இரண்டு மட்டைகள் அருகருகே: "கியனவா", "கியவனவா"]

குரல்: நாட்கணக்கு சரியா என்பதை மட்டைகளே காட்டிவிடும். பத்துக்கு ஒன்று மறப்பது நல்ல நிலை. மூன்று மறந்தால் புதுச் சொற்களைக் குறையுங்கள். ஒன்றுகூட மறக்காவிட்டால் இடைவெளிகளை நீட்டலாம். ஆனால் ஒரே சொல் ஆறேழு முறை முதல் படிக்கே திரும்பினால், கோளாறு இடைவெளியில் இல்லை. கியனவா என்றால் சொல்லுதல், கியவனவா என்றால் வாசித்தல். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒன்றை மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள். மற்றது 16 நாள் படியை எட்டிய பிறகு, ஒதுக்கியதை "பொத கியவனவா", அதாவது புத்தகம் வாசித்தல் என்ற தொடராக ஒரு புது மட்டையில் எழுதி, முதல் படியில் போடுங்கள்.