அழைப்பை மறுக்கும்போதே பதில் அனுப்புவது: வாசகத்தைத் தமிழில் அமைத்துக்கொள்ளும் முறை

வணக்கம் நண்பர்களே. அழைப்பு வரும்போது பேச இயலாத நிலையில் இருந்தால், சிவப்புப் பொத்தானை அழுத்தித் துண்டிப்பதற்குப் பதிலாக, முன்பே எழுதி வைத்த ஒரு வாசகத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டே அழைப்பை மறுக்கும் வசதி உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. அந்த வாசகத்தை நாமே தமிழில் எழுதி வைப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கூகுளின் ஃபோன் செயலியில் ஆங்கிலத்தில் வரும் வாசகங்களில் ஒன்று "Can't talk now. What's up?" என்பது. பேச முடியாது என்று சொல்லிவிட்டு, என்ன விஷயம் என்று கேள்வியும் கேட்கிறது. அதைப் படிப்பவர் பதில் எழுதத் தொடங்குவார். நீங்களோ வகுப்பறையில் நின்றுகொண்டிருப்பீர்கள். "I'll call you later." என்ற வாசகமும் எப்போது என்பதைச் சொல்லவில்லை, அவசரம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. அழைப்பவர் உங்கள் தாயாராக இருந்து, அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்றால், துண்டித்ததற்கும் இதற்கும் அவரைப் பொறுத்தவரை வேறுபாடே இல்லை.

திரையில் பாருங்கள். ஃபோன் செயலியைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, Settings என்பதற்குள் சென்றால் Quick responses என்று இருக்கும். அங்குள்ள வாசகங்களில் ஒன்றைத் தொட்டு, அழித்து, உங்களுடையதை எழுதி OK கொடுத்தால் போதும். சாம்சங் கைப்பேசியில் இதே இடத்திற்கு Quick decline messages என்று பெயர். ஐஃபோனில் ஃபோன் செயலிக்கான அமைப்புகளில் Respond with Text என்பதைத் தேடுங்கள். அங்கே மூன்று வாசகங்களை மாற்றலாம்.

இப்போது வாசகத்திற்கு வருவோம். ஓர் ஆசிரியர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "வகுப்பில் இருக்கிறேன். அவசரம் என்றால் செய்தி அனுப்புங்கள்." எங்கே இருக்கிறார், எதைச் செய்யலாம் என்ற இரண்டும் இதில் வந்துவிட்டன. நீளத்தைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்துகளில் மட்டும் எழுதிய குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் கலந்துவிட்டால் பொதுவாக 70 மட்டுமே கொள்ளும். அந்த எழுபதிலும் "கு" என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்தாக இருந்தாலும், ககரமும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் இரண்டு இடங்களைப் பிடிக்கிறது. புள்ளி வைத்த மெய்யும் அப்படியே. அந்தக் கணக்கில் மேலே சொன்ன வாசகம் இடைவெளிகளோடு சேர்த்து 58 வருகிறது, ஒரே செய்தியில் அடங்கிவிடும். அதன் பின்னால் "நாலு மணிக்கு நானே அழைக்கிறேன்." என்று சேர்த்தால் 89 ஆகி, இரண்டு செய்திகளாகப் பிரிந்து போகும். பெறுபவரின் கைப்பேசி பெரும்பாலும் இரண்டையும் ஒட்டிக் காட்டிவிடும் என்றாலும், கணக்கில் இரண்டு குறுஞ்செய்திகள் கழியும். ஆகவே நேரம் சொல்லும் வாக்கியத்தைத் தனி வாசகமாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அழைப்பு வரும்போது திரையில் Message என்ற பொத்தான் தெரியும். சாம்சங்கில் Send message என்பதைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். பட்டியலில் ஒரு வாசகத்தைத் தொட்ட அந்தக் கணமே அழைப்பு மறுக்கப்பட்டுச் செய்தி போய்விடும், உறுதி செய்யக் கேட்காது. அதனால் தவறான நபருக்குப் போனாலும் கேடில்லாத வாசகங்களையே வையுங்கள். மேலாளருக்கும் போகக்கூடிய பட்டியலில் "அப்புறம் கூப்பிடுடா" என்பது இருக்கக் கூடாது.

செய்தி உண்மையில் போனதா என்பதை, வேலை முடிந்ததும் செய்திச் செயலியில் அந்த எண்ணுக்குரிய உரையாடலைத் திறந்து பாருங்கள். கைப்பேசியில் குறுஞ்செய்திக்கான இருப்பு இல்லையென்றால் அழைப்பு மறுக்கப்பட்டிருக்கும், செய்தி மட்டும் அனுப்பப்படவில்லை என்ற குறியோடு நின்றிருக்கும். அழைத்தவருக்கு அது வெறும் துண்டிப்புதான், ஆகவே அவரை உடனே அழைத்துவிடுங்கள். வெளிநாட்டில் ரோமிங்கில் இருப்பவர்கள் ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கட்டணம் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

சாதாரணத் தரைவழித் தொலைபேசியிலிருந்து அழைப்பவருக்கு இந்தச் செய்தி சென்று சேராது. எண்ணை மறைத்து அழைப்பவருக்கும் அனுப்ப வழியில்லை. சில பழைய பொத்தான் கைப்பேசிகள் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்களைக் காட்டும். அத்தகைய கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர் உங்களை அடிக்கடி அழைப்பவர் என்றால், தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரு வாசகத்தையும் பட்டியலில் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு இந்தப் பட்டியல் வராது. இது சிம் வழியாக வரும் அழைப்புகளுக்கு மட்டும் உரியது.