கன்னத்துக்குச் சரி, உதட்டுக்குக் கூடாதாம்!

வணக்கம் மக்களே! இன்றைக்கு வெறும் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். காரணம், என் கையில் இருக்கும் இந்த இரண்டு க்ரீம் ஸ்டிக். போன மாதம் நியூ ஜெர்சியிலிருந்து வந்த சித்தி கொடுத்தது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே அளவு. ஒன்று ரோஸ், இன்னொன்று கத்திரிப்பூ நிறம். கத்திரிப்பூ நிறம் என்றால் எனக்கு உயிர் என்பது உங்களுக்கே தெரியும். ரெண்டு வாரமாக அதைத்தான் கன்னத்திலும் உதட்டிலும் தடவிக்கொண்டிருந்தேன். போன வீடியோவில் நீங்கள் கேட்ட அந்த லிப் கலர் இதுதான்.

நேற்று ஒரு தோழி, இதில் பீட்ரூட் சாறு இருக்கிறதா என்று கேட்டாள். பார்த்துச் சொல்லலாம் என்று ஸ்டிக்கைத் திருப்பினால் அதில் ஒன்றுமே அச்சடிக்கவில்லை. எல்லாம் வெளியே இருந்த அட்டைப்பெட்டியில். அந்தப் பெட்டியோ பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டிய மூட்டையில்! சணல் கட்டை அவிழ்த்து, மூன்று மாதப் பேப்பரையும் ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ஒரு பால் பவுடர் டப்பாவுக்குள் நசுங்கிக் கிடந்த இரண்டு பெட்டியையும் எடுத்துவிட்டேன். முக்கால் மணி நேரம். எழுத்து அவ்வளவு பொடி என்பதால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படித்தேன்.

ரோஸ் பெட்டியில் ‘உதடு, கன்னம்’ என்று இருக்கிறது. கத்திரிப்பூ பெட்டியிலும் முன்பக்கம் அதேதான். ஆனால் பின்பக்கம், பார் கோடுக்குக் கீழே, இந்த நிறம் மட்டும் உதட்டுக்கு அல்ல என்று ஒரு வரி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று! இதில்தான் எனக்குக் கோபம்.

ஏன் அப்படி என்று பட்டியலைப் பார்த்தேன். நிறப்பொருள்கள் பெரும்பாலும் பட்டியலின் கடைசியில், சிஐ என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்ணாக வரும். ரோஸில் சிஐ 15850, சிஐ 77491, சிஐ 77891. முதலாவது லிப்ஸ்டிக்குகளில் சர்வசாதாரணமாக இருக்கும் சிவப்பு. அடுத்தது இரும்பு ஆக்சைடு, கடைசி டைட்டானியம் டை ஆக்சைடு. மூன்றும் உதட்டுக்கு அனுமதி உள்ளவை. கத்திரிப்பூவில் கூடுதலாக ஒன்றே ஒன்று, சிஐ 77007. அல்ட்ராமரைன் என்கிற நீலம்.

அமெரிக்காவில் மருந்து, அழகுப் பொருள்களைக் கண்காணிக்கும் எஃப்டிஏ என்கிற அரசு அமைப்பு நிறப்பொருள்களை அவை போகும் இடத்தை வைத்துப் பிரிக்கிறது. சிலவற்றை உதடு உட்பட எங்கும் போடலாம். சில, உடம்பின் வெளிப்பகுதிக்கு மட்டும். உதடு அந்த வெளிப்பகுதியில் சேராது. நாம் பேசும்போதும் சாப்பிடும்போதும் உதட்டுச் சாயம் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் போகிறது இல்லையா, அதனால். அல்ட்ராமரைனுக்குக் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் அனுமதி உண்டு, உதட்டில் கிடையாது. பயந்துவிடாதீர்கள், இது விஷம் இல்லை. ஐரோப்பியப் பட்டியலில் இதற்கு இந்தத் தடையே இல்லை. அதனால் இரண்டு வாரம் போட்டதற்காக நான் டாக்டரிடம் ஓடவில்லை. ஆனால் செய்தவரே வேண்டாம் என்று எழுதிய பிறகு உதட்டில் வைக்க மாட்டேன். கத்திரிப்பூ, ஊதா, நீலம் கலந்த பிங்க், பச்சை சாயல் இருந்தால் 77007, 77288, 77510 ஆகிய மூன்று எண்களையும் தேடுங்கள். மூன்றுக்கும் அமெரிக்காவில் இதே நிலைதான். சிஐ 77742, அதாவது மாங்கனீஸ் வயலட் மட்டும் இருந்தால் அது உதட்டுக்கும் ஆகும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சில பெட்டிகளில் நிறப்பொருளுக்கு முன்னால் கூட்டல்-கழித்தல் குறி போட்டிருக்கும். இவற்றில் சில இருக்கலாம் என்று அர்த்தம். எல்லா நிறத்துக்கும் ஒரே பெட்டியை அச்சடிக்கிற வசதிக்காக அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பட்டியலில் 77007 இருப்பதால் உங்கள் ஷேடில் அது இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஷேடின் பெயரைச் சொல்லிக் கம்பெனிக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

சரி, இது உதட்டுக் கதை. கன்னத்துக் கதை இதற்கு நேர் எதிர். அதற்கு இந்த மூன்றாவது ஸ்டிக். இங்கே வாங்கியது, 4 கிராம் 549 ரூபாய். கிராமுக்கு 137 ரூபாய்! அந்த விலைக்கு மூடியாவது இறுக்கமாக இருக்கக் கூடாதா? கைப்பையில் இரண்டு முறை கழன்றுவிட்டது. உதட்டில் அருமையாக உட்காரும், அதை மறுக்க மாட்டேன். கன்னத்தில் மூன்று வாரம் போட்டதும் பொடிப்பொடியாகக் குருணை மாதிரி எழும்பியது. அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை. நெற்றியில் ஒன்றுகூட இல்லை, ஸ்டிக் பட்ட இடத்தில் மட்டும்.

பட்டியலில் ஆமணக்கு எண்ணெய்க்கு அடுத்து ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட், அதற்கடுத்து தேங்காய் எண்ணெய். 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்துவார்கள். அதனால் இரண்டாம் இடம் என்றால் நிறையவே இருக்கிறது. உதட்டில் மயிர்க்கால் இல்லை, அங்கே இவை எதையும் அடைக்கப்போவதில்லை. கன்னத்தில் எண்ணெய்ச் சுரப்பியோடு துவாரங்கள் உண்டு. துவாரத்தை அடைக்கும் என்று முதலில் சந்தேகப்படும் பெயர்களில் இந்த இரண்டும் உண்டு. ஆனால் எந்தப் பொருள் எவ்வளவு அடைக்கும் என்று மதிப்பெண் போடும் பட்டியல்கள் பெரும்பாலும் முயல் காதில் செய்த சோதனையிலிருந்து வந்தவை. பெயரைப் பார்த்தவுடன் தூக்கி எறிய வேண்டாம். பட்டியலின் வாலில் இருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். முதல் ஐந்துக்குள் இருந்து, உங்களுக்குப் பரு வரும் சருமமாகவும் இருந்தால் கன்னத்தில் வேண்டாம்.

இதே ஸ்டிக்கில் பெப்பர்மிண்ட் எண்ணெயும் இருக்கிறது. உதட்டில் குளுகுளு என்று இருக்கும், அதற்காகவே சிலர் வாங்குகிறார்கள். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மதிய வெயிலில் வியர்வையோடு கன்னத்தில் எரிந்தது.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு, இந்தக் குருணை வேறு. தடவிய சில நிமிடத்தில் சுரீர் என்றால் எரிச்சல். ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் வந்தால், உதட்டோரம் வெடித்து உரிந்தால், ஒவ்வாமையாக இருக்கலாம். வாசனைப் பொருள், தேன்மெழுகோடு வரும் புரோபோலிஸ், அபூர்வமாக ஆமணக்கு எண்ணெய்கூடக் காரணமாகலாம். அப்போது ஸ்டிக்கையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். குருணை மட்டும் வாரக்கணக்கில் மெதுவாக வரும், அதே போல மெதுவாகத்தான் போகும்.

அதனால் புது ஸ்டிக் வந்தால் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவுகிறேன். அங்கே ஒன்றும் வராவிட்டால் அப்புறம் ஒரு கன்னத்தில் மட்டும் மூன்று, நான்கு வாரம். இன்னொரு கன்னத்தில் பழைய பிளஷ். நிறம் ஒத்துப்போனால் யாருக்கும் தெரியாது.

அட, முக்கியமான ஒன்று! உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருக்கும்போது ஸ்டிக்கை நேரடியாக வைக்காதீர்கள், அதே ஸ்டிக்கைக் கன்னத்துக்கும் கொண்டு போகாதீர்கள். அது ஹெர்பிஸ் வைரஸ், பரவும்.

ரோஸ் எனக்கு இரண்டுக்கும். கத்திரிப்பூ கன்னத்துக்கு மட்டும், மூடியில் மார்க்கரால் ‘க’ என்று எழுதிவிட்டேன். 549 ரூபாய் ஸ்டிக் உதட்டுக்கு மட்டும், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. பெட்டிகள் மூன்றும் இனி அலமாரியில். உங்கள் கத்திரிப்பூ ஷேடுகளில் எந்த எண் இருக்கிறது என்று கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.