கன்னங்குறிச்சி வீட்டு விலையை எப்போ குறைக்கிறது, எவ்ளோ குறைக்கிறது

மக்களே வணக்கம், சேலம் கன்னங்குறிச்சியில இருக்கிற பெரியம்மாவோட வீட்டைப் பத்தி கேட்டுட்டே இருக்கீங்க, இன்னும் விக்கலைங்க. 78 லட்சம்னு போட்டு வெச்சு ரொம்ப நாளாச்சு. நேத்து புரோக்கர் போன் பண்ணி, "ஒரு லட்சம் குறைச்சு 77 போடுங்கம்மா, கால் வரும்"ங்கிறாரு. எனக்கு வந்த கோவம் இருக்கே! ஒரு லட்சம் குறைச்சா யாருங்க புதுசா வரப்போறாங்க? 78-க்கு வராதவங்க 77-க்கும் வரமாட்டாங்க, ஏற்கனவே பாத்துட்டுப் போனவங்க மட்டும் "இறங்க ஆரம்பிச்சிட்டாங்க, இன்னும் கொஞ்சம் பொறுப்போம்"னு உக்காந்துக்குவாங்க. சொட்டு சொட்டா குறைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்காது. குறைச்சா ஒரே தடவை, கணக்கு போட்டுக் குறைக்கணும்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னா, போன மாசம் ஒரு குடும்பம் வந்தாங்க. வீடு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, லோனுக்கும் போனாங்க, பேங்க்ல இருந்து வந்த வேல்யுவர் வீட்டுக்கு 70 லட்சம்னு எழுதிட்டாரு. அவங்களும் விலகிட்டாங்க. பெரியம்மாவுக்கு ஒரே வருத்தம். எனக்கு என்னமோ நல்ல தகவல் கிடைச்ச மாதிரி இருந்துச்சு, ஏன்னா கன்னங்குறிச்சில லோன் இல்லாம இவ்ளோ பணத்துக்கு வாங்குறவங்க எத்தனை பேருங்க இருக்காங்க?

கேளுங்க. 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான வீட்டு லோனுக்கு, வீட்டோட மதிப்புல 80 சதவீதம் வரைக்கும்தான் தரலாம்னு ரிசர்வ் வங்கி வெச்சிருக்கு. மதிப்புன்னா நாம சொல்ற விலை இல்லைங்க, வேல்யுவர் கம்மியா போட்டா அந்தக் கம்மிதான். 70-ல 80 சதவீதம் 56 லட்சம். நாம 78 கேட்டா மிச்சம் 22 லட்சம் அவங்க கையில இருந்து வரணும். ஆங், பத்திரச் செலவை விட்டுட்டேன் பாருங்க! முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேத்து இப்போ 9 சதவீதம், அதுக்கு லோன் கணக்குல இடம் கிடையாது. 78-க்கு அது 7 லட்சம். ஆக மொத்தம் 29 லட்சம் ரொக்கமா வெச்சிருக்கணும்.

இதே 72-க்கு முடிஞ்சா? லோன் அதே 56, கைக்காசு 16, பத்திரத்துக்கு ஆறரை, மொத்தம் இருபத்திரெண்டரை. நமக்கு 78-ல 6 லட்சம் குறையுது, ஆனா வாங்குறவங்க கையில இருந்து போடுற பணத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருது. அதனாலதான் 72-க்கு முடிக்கணும்னு நான் பிடிவாதமா நிக்கிறேன். பேரத்துக்கு ரெண்டு லட்சம் விட்டு லிஸ்டிங்ல 74. நாங்க போட்டிருக்கிற சைட்ல பட்ஜெட் தேடுறதுல 75 லட்சம்னு ஒரு படி இருக்கு, 77 போட்டா அந்த 75 வரைக்கும் தேடுறவங்க கண்ணுலயே படமாட்டோம்.

இதுல ஒண்ணு சொல்லியாகணும், வீட்டுக்கு வந்து பாத்தவங்க 74, 75-னு எதிர் விலை சொல்லியிருந்தா நான் லிஸ்டிங்கைத் தொட்டே இருக்க மாட்டேன், உக்காந்து பேசியே முடிச்சிருப்பேன். வந்தவங்க எல்லாம் நல்லா சுத்திப் பாத்துட்டு ஒரு விலையும் சொல்லாம போனாங்க, அதுதான் விலை ரொம்பத் தூரத்துல இருக்குன்னு அர்த்தம். போனே வரலைன்னா கதை வேற, முதல்ல போட்டோவையும் நம்பரையும் பாருங்க.

அப்புறம் நேத்து நைட்டு முழுக்க என்ன பண்ணேன் தெரியுமா? இன்னொரு புரோக்கர் இதே வீட்டை 80-னு போட்டிருக்காரு! அதே போட்டோ, அதே மொட்டை மாடி, அதே கொய்யா மரம். வேற ஒரு ஆளு 76-னு போட்டிருக்காரு. யாரைக் கேட்டுப் போட்டாங்க? வாங்குறவங்க மூணு விலையையும் பாத்துட்டு 76-ல இருந்துதான் பேரத்தையே ஆரம்பிப்பாங்க. எடிட் பண்ணப் போனா ஓடிபி அவங்க நம்பருக்குத்தான் போகுது, ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, எடுக்க வெச்சு, ஒருத்தர் "நாளைக்குப் பாக்கலாம்"னு சொல்லி, திரும்பக் கூப்பிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குத்தான் அந்த 80 போச்சு. அவ்ளோ நிம்மதிங்க எனக்கு! விலை மாத்துறதுக்கு முன்னாடி இதை முடிச்சே ஆகணும், எல்லா இடத்துலயும் ஒரே நாள்ல ஒரே விலை.

எப்போன்னு கேட்டா, இப்போ இல்லைங்க. ஆடி நடக்குது. நம்மூர்ல ஆடியில யாரு கிரையம் பண்றா? கோட்டை மாரியம்மன் பண்டிகைன்னு ஊரே அதுல இருக்கும். இப்போ 74 போட்டா ஆவணி வர்றதுக்குள்ள அதுவும் பழைய விலை ஆயிரும். ஆவணி முதல் முகூர்த்த வாரம் மாத்திடுவேன். அப்புறம் ஆட்கள் வந்து பாத்தும் ஆவணி முழுக்க ஒரு எதிர் விலைகூட வரலைன்னா புரட்டாசில கையை வெக்க மாட்டேன், ஐப்பசியில இன்னொரு தடவை, அதுவும் ஒரேயடியா 70-க்கு.

பெரியம்மா 74-க்கு இன்னும் முழுசா சம்மதிக்கலை, 75-லயே நிக்கிறாங்க. கன்னங்குறிச்சி, மூக்கனேரி பக்கம் இந்த வருஷம் மூணு சென்ட் வீடு யாராவது வித்திருந்தா, கேட்ட விலை வேண்டாம், முடிஞ்ச விலையை கமெண்ட்ல போடுங்க, அவங்ககிட்ட அப்படியே காட்டுறேன்.