கிணற்றுக் குழியின் சுவரில் தெரிந்த மண்

வணக்கம் நேயர்களே. கையில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். வானொலியில் காட்ட முடியாது, அதனால் மேலிருந்து கீழே சொல்லிக்கொண்டே வருகிறேன். பல்லடம் பக்கம் ஒரு செவல் காட்டில் கிணறு வெட்ட ஆரம்பித்தபோது குழியின் சுவரை எடுத்த படம், ஓரத்தில் அளவு நாடா தொங்குகிறது.

மேலே ஒரு சாண், 20 சென்டிமீட்டர் இருக்கும், பழுப்பேறிய சிவப்பு. நூல் நூலாக வேர்கள், மண்புழு போன துளைகள். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். இதுதான் மேல்மண், மட்கு எல்லாம் பெரும்பாலும் இதில்தான். அதற்குக் கீழே நல்ல இரத்தச் சிவப்பில் அடிமண், 75 சென்டிமீட்டர் வரை. மழைநீர் மேலிருந்து களியைக் கழுவிக் கழுவி இங்கே இறக்கியிருக்கிறது, அதனால் கட்டி கட்டியாக உடையும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழை விட்டுப் பல நாள் ஆன பிறகும் சோளம் வாடாமல் நிற்கிறதே, அது இந்த ஈரத்தைக் குடித்துத்தான். அப்புறம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொட்டுகள், நம்ம ஊரில் சுக்கான் என்போம். கடைசியில் உதிரும் பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. அந்தப் பாறை வெடிப்பில் ஊறுவதுதான் கிணற்றுத் தண்ணீர்.

இந்தக் காட்டுக்காரர் முந்தின வருடம் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளி நிலத்தைச் சமப்படுத்தியிருந்தார். பள்ளத்துப் பக்கம் நிலக்கடலை அமோகம். வெட்டின பக்கம் கொழுந்து இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. யூரியா போட்டும் மாறவில்லை. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், கொழுந்தில் வந்தால் இரும்புச் சத்தைச் சந்தேகப்பட வேண்டும். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தோம், நுரைத்தது. மேல்மண்ணும் அடிமண்ணும் போய்ச் சுக்கான் மேலே வந்துவிட்டது, சுண்ணாம்பு இரும்பை வேருக்குக் கிடைக்க விடாது. அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும், ஆனால் புதுக் கொழுந்து மறுபடி மஞ்சளிக்கும்.

சரி, போன மேல்மண்ணை எருவால் ஈடுகட்டலாமா? ஒரு ஏக்கரில் ஒரு சாண் மண் ஏறக்குறைய 1,000 டன் எடை. நாம் கொட்டுவது 5 டன் எரு. அதனால் பொக்லைன் வருவதற்கு முன் மேட்டில் ஓர் ஆள் இடுப்பளவு குழி வெட்டிப் பாருங்கள். சுக்கான் எந்த ஆழத்தில் என்று தெரிந்தால் அதற்கு மேலேயே வெட்டை நிறுத்தலாம். மேல் ஒரு சாண் மண்ணை முதலில் வழித்து வரப்போரம் குவிக்கச் சொல்லுங்கள், அடிமண்ணைச் சமப்படுத்தின பிறகு அதை மேலே பரப்புங்கள். வண்டிக்கு இன்னும் சில மணி நேர வாடகை ஆகும், கொடுத்துவிடுங்கள்.