ஆஃபீஸ் மெயில்ல சிரிக்க வைக்கிற ஒரு வரி: எங்க வைக்கணும், எங்க வைக்கக்கூடாது

வணக்கம் மக்களே. லீவுல போறப்ப ஆட்டோ ரிப்ளை ஒண்ணு வைப்போம்ல, அதுல கொஞ்சம் சிரிப்பு சேர்க்கிறது எப்படின்னுதான் இந்த வீடியோ. கடைசில சப்ஜெக்ட் லைனுக்கும் வரேன்.

முதல்ல ஒரு உதாரணம். இப்படி ஒருத்தர் எழுதுறாங்கன்னு வைங்க: “உங்கள் மெயில் கிடைத்தது, ஆனால் என் போன் கடலுக்குள் போய்விட்டது!” எழுதினவருக்கு இது ஜோக். ஆனா நாளைக்குள்ள ஒரு கையெழுத்து வேணும்னு மெயில் போட்டவர் இதை அப்படியே நம்பிடுவார். எப்போ திரும்பி வருவாங்க, அதுவரைக்கும் யாரைக் கேட்கலாம், ரெண்டுமே அதுல இல்ல. அதனால அதே மெயிலை இன்னும் நாலு பேருக்கு அனுப்புவார்.

இப்போ அதையே திருத்திப் பாருங்க:

“மார்ச் 12 முதல் 16 வரை விடுப்பில் இருக்கிறேன். 17 காலை பதில் எழுதுவேன். பில் பற்றிய அவசரம் என்றால் பில்லிங் குழுவின் பொது முகவரிக்கு எழுதுங்கள். அதுவரை என் இன்பாக்ஸ் மட்டும் வேலைக்கு வருகிறது. மெயிலை வாங்கி வைக்கத் தெரியும், பதில் எழுதத்தான் தெரியாது.”

சிரிப்பு கடைசிலதான் வருது, பாருங்க. போன் நோட்டிஃபிகேஷன்ல முதல் வரிதான் தெரியும், அதனால தேதி அங்க இருந்தாகணும். அப்புறம் அந்த ஜோக்கே ஒரு தகவலையும் சொல்லுது: மெயில் பத்திரமா இருக்கு, ஆனா யாரும் படிக்கல. அந்த ஜோக் புரியாதவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துடும். நல்ல ஜோக்குக்கு நான் வைக்கிற அளவுகோல் இதுதான். கேலி இன்பாக்ஸ் மேல இருக்கட்டும், மெயில் அனுப்பினவர் மேல வேண்டாம். “இவ்வளவு அவசரமா?”ங்கிற மாதிரி ஒரு வரி, நிஜமாவே அவசரத்துல இருக்கிறவரைக் குத்தும்.

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை பண்ணுங்க. ரொம்பக் கோபத்துல ஒரு வாடிக்கையாளர் புகார் அனுப்பியிருக்கார், இந்த ரிப்ளைதான் அவருக்குப் போகுதுன்னு நினைச்சுப் படிங்க. எங்கயாவது நெருடுச்சுன்னா அந்த வரியை வெளியாட்களுக்குப் போற பதிப்புல எடுத்துடுங்க. உடம்பு சரியில்லாம லீவு, வீட்டுல துக்கம்னா ஜோக்கே வேண்டாம்.

வெளியாட்களுக்குத் தனியா எழுத அவுட்லுக்ல வழி இருக்கு. ஆஃபீஸ் அக்கவுண்ட்ல Automatic Replies திறந்தா, உள்ளே இருக்கிறவங்களுக்கு ஒண்ணு, வெளியே இருக்கிறவங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பதில் வைக்கலாம். உள்ளே சிரிப்போட, வெளியே தேதியும் மாற்று முகவரியும் மட்டும்.

ஜிமெயில்ல Vacation responder-க்கு ஒரே பதில்தான். யாருக்குப் போகணும்னு கட்டுப்படுத்தலாமே தவிர, ஆளுக்கு ஒரு பதில்னு வைக்க முடியாது. அதனால அங்க அடக்கமா எழுதுங்க. இன்னொண்ணு, ஒரே ஆள் திரும்பத் திரும்ப மெயில் போட்டா ஜிமெயில் நாலு நாளைக்கு ஒரு தடவை அதே பதிலை அனுப்பும். ரெண்டு வாரம் லீவுன்னா ஒருத்தரே அந்த ஜோக்கை நாலு தடவை வரைக்கும் படிக்கலாம். நாலாவது தடவையும் எரிச்சல் வராத வரியா பாருங்க. இன்பாக்ஸ் ஜோக் தாங்கும், ஆச்சரியக்குறி போட்டுக் கத்துற ஜோக் தாங்காது.

சப்ஜெக்ட் லைனுக்கு வருவோம். இங்கயும் வேலை முன்னாடி, சிரிப்பு பின்னாடி. போன்ல சப்ஜெக்டோட வால் வெட்டுப்படும், வெட்டுப்பட்டா ஜோக் போகட்டும். “செலவு ரசீது, வெள்ளி 5 மணிக்குள்: மூன்றாவது நினைவூட்டல், இதற்கே மூச்சு வாங்குகிறது”. நினைவூட்டலைத்தான் கிண்டல் பண்றோம், ரசீது தராதவரை இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு “செலவு ரசீது”ன்னு தேடினாலும் மெயில் கிடைக்கும்.

“கடைசி எச்சரிக்கை! உடனே திற!” மாதிரி வேடிக்கை மட்டும் வேண்டாம். மோசடி மெயில் எழுதுறவங்களும் இதே பாணிலதான் எழுதுவாங்க, பாதிப் பேர் திறக்காமலே அழிச்சிடுவாங்க. அதே மாதிரி, பதில் மேல பதில்னு நீளப்போற விஷயத்துக்கும் ஜோக் வைக்காதீங்க. ஒவ்வொரு பதில்லயும் அதே சப்ஜெக்ட் ஒட்டிக்கிட்டே வரும், கடைசில அது யார்கிட்ட ஃபார்வர்ட் ஆகும்னு சொல்ல முடியாது.

அப்புறம் ஆட்டோ ரிப்ளைல முடியுற தேதியை மறக்காம போடுங்க. ஜிமெயில்ல அது Last day, விருப்பம்னா போடலாம்ங்கிற பெட்டிதான், அதனாலேயே பலர் விட்டுடுறாங்க. 17 காலை வரேன்னு சொல்ற ரிப்ளை 20ஆம் தேதியும் போய்க்கிட்டிருந்தா, “பதில் எழுதத் தெரியாது”ங்கிற வரியைப் படிக்கிறவர் அதை ஜோக்கா எடுத்துக்க மாட்டார்.