லைட் மங்கினால் எங்கே பார்ப்பது: மின் நிலையத்திலிருந்து நம் வீட்டு மீட்டர் வரை

(மட்டக்களப்பில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

பின்னேரம் ஏழு மணிக்கு லைட் மங்குகிறது, மோட்டர் உறுமிக்கொண்டே நிற்கிறது, தண்ணீர் ஏறவில்லை. உடனே நாம் சொல்வது, "கரண்ட் குறைச்சலா வருது." எங்கே குறைகிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மலைநாட்டுப் பக்கமோ நுரைச்சோலைப் பக்கமோ கை காட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கும். ஏன் என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்திலிருந்தே தொடங்குவோம். அங்கே 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று இருக்கின்றன. அந்த அளவு இயந்திரம் பொதுவாக ஏறத்தாழ 20,000 வோல்ட்டில்தான் மின்சாரம் தரும். இயந்திரத்துக்குள் செப்புச் சுருளையும் இரும்பையும் பிரிக்கிற காப்புக்கு இடம் குறைவு என்பதால் அதற்கு மேலே அதிகம் போக முடியாது. அந்த அழுத்தத்தில் முழுச் சுமைக்கு ஏறத்தாழ 10,000 அம்பியர் ஓடவேண்டும். அவ்வளவு மின்னோட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோக எந்தக் கம்பியும் கட்டாது. ஆகவே நிலையத்து வாசலிலேயே அதை 220,000 வோல்ட்டுக்கு உயர்த்துகிறார்கள். மின்னோட்டம் 1,000 அம்பியருக்குள் இறங்கிவிடும்.

இங்கே ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் வெப்பமாக வீணாகிற சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால், அதே கம்பியில் இழப்பு நூறில் ஒன்றாகும். அழுத்தத்தை உயர்த்துவதற்கெல்லாம் இதுதான் காரணம்.

220 கிலோவோல்ட் பெருவழி. அதிலிருந்து 132 கிலோவோல்ட் வழிகள் பிரிகின்றன. நம் பக்கத்தில் வாழைச்சேனையிலும் அம்பாறையிலும் உள்ள கிரிட் உபநிலையங்களில் அந்த 132 கிலோவோல்ட் 33 கிலோவோல்ட்டாக இறங்குகிறது. சேனநாயக்க சமுத்திரத்துக்குக் கீழே இங்கினியாகலையில் 11 மெகாவாட் அளவில் ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறதே, பிறகு ஏன் நமக்குக் குறைகிறது என்று சிலர் கேட்பதுண்டு. அது சேர்வது எல்லோருக்கும் பொதுவான வலைக்குத்தான்.

கிரிட் உபநிலையத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சுமை ஏறி அழுத்தம் சரிந்தால், அங்குள்ள பெரிய டிரான்ஸ்போமர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தன் சுருளின் தட்டை, அதாவது சுருளில் எத்தனை சுற்று வேலை செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற இணைப்பை, மாற்றி 33 கிலோவோல்ட்டைச் சரிப்படுத்திக்கொள்ளும். அங்கே வரைக்கும் அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ள ஆளும் கருவியும் இருக்கின்றன.

அங்கிருந்து 33 கிலோவோல்ட் பீடர்கள் புறப்படுகின்றன. தெருவோரக் கம்பத்தின் உச்சியில் பீங்கான் மேலே மூன்று கம்பிகள் போகின்றனவே, அவைதான். கொழும்பு போன்ற நெருக்கமான நகரங்களில் இடையில் 11 கிலோவோல்ட் என்று இன்னொரு படி வரும். நம் கிராமங்களில் 33 கிலோவோல்ட் நேராக ஊருக்குள் இருக்கும் டிரான்ஸ்போமருக்கே வந்துவிடும்.

இனி அந்த டிரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிற்போம். 100 கேவிஏ அளவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையில் மேலே 33 கிலோவோல்ட் கம்பி ஒவ்வொன்றிலும் வருவது ஒன்றே முக்கால் அம்பியர். ஒரு அயன் பெட்டி எடுப்பதைவிடக் குறைவு! கீழே 400 வோல்ட் பக்கம் ஒவ்வொரு பேஸிலும், அதாவது மின்சாரம் கொண்டுபோகிற மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றிலும், வெளியே போவது 144 அம்பியர். ஒரே சக்தி, ஒரே கம்பம். ஆனால் மின்னோட்டம் எண்பது மடங்குக்கு மேல். வீட்டுக்குள் கையாளக்கூடிய அழுத்தம் வேண்டும் என்பதற்காக இந்த விலையைக் கொடுக்கிறோம். 33 கிலோவோல்ட்டில் பல கிலோமீற்றர் தாராளமாகப் போகலாம். 400 வோல்ட்டில் ஒரு கிலோமீற்றரே பெரும் பாடு.

எவ்வளவு பாடு என்று பார்ப்போம். டிரான்ஸ்போமரிலிருந்து 800 மீற்றர் தூரத்தில் லைன் கடைசி வீடுகள். பேஸ் கம்பியும் திரும்பி வரும் நியூட்ரலும் சேர்ந்து கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். பின்னேரம் அந்தக் கடைசியில் இரண்டு தண்ணீர் மோட்டர், கேத்தல், ரைஸ் குக்கர், லைட், பேன் எல்லாம் சேர்ந்து 30 அம்பியர் எடுக்கின்றன. அத்தனையும் ஒரே பேஸில் என்றால் வழியில் விழுவது 24 வோல்ட். இரண்டு பேஸுக்கு இடையில் 400 வோல்ட் என்றால், ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230. டிரான்ஸ்போமரில் அந்த 230 இருந்தாலும் கடைசி வீட்டுக்கு 206தான். நம் நாட்டில் அனுமதித்த எல்லை 230க்கு மேலும் கீழும் 6 வீதம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. 206 அதற்கு வெளியே.

அதே 30 அம்பியரை மூன்று பேஸுக்கும் பத்துப் பத்தாகப் பிரித்தால்? ஒவ்வொரு கம்பியிலும் மின்னோட்டம் மூன்றில் ஒன்று. நியூட்ரலிலோ ஏறத்தாழ ஒன்றுமே ஓடாது. விழுவது ஏறத்தாழ நான்கு வோல்ட்தான். புதிய டிரான்ஸ்போமரும் இல்லை, புதிய கம்பியும் இல்லை, வீடுகளைப் பேஸ் மாற்றிக் கொடுத்ததோடு சரி. ஆகவே ஊரிலிருந்து மனு எழுதும்போது டிரான்ஸ்போமர் கேட்பதற்கு முன் பேஸ் சுமையை அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். அளக்கிற நேரம் பகல் பத்து மணியாக இருக்கக்கூடாது, பின்னேரம் ஏழு மணியாக இருக்கவேண்டும்.

"டிரான்ஸ்போமரில் தட்டைக் கூட்டிவிடலாமே" என்று கேட்பீர்கள். கூட்டலாம். ஆனால் ஊர் டிரான்ஸ்போமரில் அதை லைனை நிறுத்தித்தான் மாற்றமுடியும், மாற்றிய பிறகு இரவும் பகலும் அப்படியேதான் இருக்கும். 5 வீதம் கூட்டினால் கடைசி வீட்டுக்குப் பின்னேரம் கொஞ்சம் ஆறுதல். நள்ளிரவில் சுமை இல்லாதபோது டிரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டுக்கு 241 வோல்ட் நிற்கும். அதற்கு மேல் போக இடமில்லை.

இப்போது கோளாறை அடையாளம் காண்பதற்கு வருவோம். தினமும் ஒரே நேரத்தில் மெல்ல மங்கி, ஒன்பது பத்து மணிக்குத் தெளிந்தால் அது நான் சொன்ன 400 வோல்ட் லைன் சுமை. திடீரென்று ஊரில் மூன்றில் ஒரு பங்கு வீடு சரியாகவும், மற்ற வீடுகள் எல்லாம் பாதி வெளிச்சத்திலும் இருந்தால் மேலே 33 கிலோவோல்ட் பக்கம் ஒரு பியூஸ் போயிருக்கிறது. டிரான்ஸ்போமரின் மேற்சுருள்கள் முக்கோணமாக இணைந்தவை. ஒரு கம்பி போனால் ஒரு சுருளுக்கு முழு அழுத்தமும், மற்ற இரண்டுக்கும் சேர்த்து அதே அழுத்தம் பங்காகவும் கிடைக்கும். அந்தப் பாதி அழுத்தத்தில் பிரிட்ஜையும் மோட்டரையும் விடாதீர்கள், சுருள் எரிந்துவிடும்.

ஒரு வீட்டில் லைட் மங்கும்போது அடுத்த வீட்டில் கண் கூசுகிற மாதிரி எரிந்தால், அது எல்லாவற்றிலும் மோசமானது: நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. சுமை குறைந்த பேஸில் அழுத்தம் 300ஐயும் தாண்டும். யோசிக்காமல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

ஊர் முழுக்க அணைந்து, சில நொடியில் வந்து, மறுபடி அணைந்தால் அது 33 கிலோவோல்ட் பீடரில். லைனில் பழுது பட்டால் தானாக நிறுத்தித் தானாகவே மறுபடி கொடுத்துப் பார்க்கிற கருவி அங்கே வேலை செய்கிறது. தென்னோலை விழுந்து எரிந்து போனால் லைன் நிலைத்துவிடும். கரையோரத்தில் உப்புக்காற்று படிந்த பீங்கான், பனியிலோ முதல் தூறலிலோ நனைந்து தீப்பொறி விட்டாலும் இப்படி வரும்.

கடைசியாக, கம்பி அறுந்து நிலத்தில் கிடந்தால். நம் கரையில் மணல். காய்ந்த மணலில் மின்சாரம் நிலத்துக்குள் சரியாக இறங்காது. ஓடுகிற அம்பியர் மிகச் சிறியது என்பதால் உபநிலையத்துக் காப்புக்கருவி பழுதை உணராமலே விட்டுவிடலாம். கம்பி சும்மா கிடக்கும், பொறி பறக்காது, ஆனால் 33 கிலோவோல்ட் அதில் இருக்கும். நின்றுபோன லைனும் அந்தக் கருவி மறுபடி கொடுக்கும்போது உயிர் பெறும். பத்து மீற்றருக்குக் கிட்டப் போகாதீர்கள், மாட்டையும் பிள்ளைகளையும் விடாதீர்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைத் தூரத்திலிருந்தே பார்த்து மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து லைனை நிறுத்தி, நிலத்தோடு இணைத்து முடிக்கும் வரைக்கும் ஒருவராவது தள்ளி நின்று பாதையை மறியுங்கள்.